குழம்புக்குள் ஒரு முடிச்சு

கல்யாணம் ஆகும்வரை சித்தையனுக்குத் தன் வயிற்றைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. சாப்பிடுவான், ஏப்பம் விடுவான், ஏணியில் ஏறிவிடுவான். மைசூரில் புதிது புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வீடுகளுக்கு வயரிங் போடுகிற வேலை. சுவரைக் கொத்திப் பைப் பதித்து, கம்பியை இழுத்து, சுவிட்ச் போர்டு மாட்டி, கடைசியில் பல்பு எரிந்ததும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். சொந்த ஊரான மார்டள்ளியில் மழையை நம்பின மானாவாரிக் காடு. அதை நம்பிப் பிழைக்க முடியாது என்று மீசை முளைக்கிற வயதிலேயே பஸ் ஏறி வந்தவன் அவன்.

சாப்பாடு ஆண்டாள் மாமி வீட்டில். மாமி மேல்கோட்டை ஐயங்கார். மைசூர் அக்ரஹாரத்தில் வீட்டுக் கூடத்திலேயே பத்துப் பதினைந்து பேருக்கு இலை போடுவார். அந்த வீட்டு வாசற்படியை வெங்காயமும் பூண்டும் மிதித்ததே கிடையாது. சாம்பாரில் பெருங்காயம், ரசத்தில் பெருங்காயம், மோரில்கூட இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டு ஒரு சிட்டிகைப் பெருங்காயம். கூடச் சாப்பிடுகிற பையன்கள், "வெங்காயமில்லாத சாம்பாரும் ஒரு சாம்பாரா?" என்று முணுமுணுப்பார்கள். சித்தையன் குனிந்த தலை நிமிராமல் இரண்டாம் முறை சாதம் வாங்குவான். பண்டிகைக்கு ஊருக்குப் போனால் மட்டும் அவனுக்கு வயிறு கடமுடா என்று ஒரு பாடு படுத்தும். மலை ரோட்டில் பஸ் ஆடின ஆட்டம் என்று சொல்லிக்கொள்வான். ஊர்த் தண்ணி ஒத்துக்கவில்லை என்பான். பிறந்து வளர்ந்த ஊர்த் தண்ணி எப்படி ஒத்துக்காமல் போகும் என்று அவனும் யோசிக்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை.

முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் கல்யாணம். அக்கா லிங்கம்மா விடவில்லை. "மாமி சமைச்சுப் போடுவாங்க, சரி. செத்தா மாமியாடா வந்து அழுவாங்க?" என்று ஒரே பிடியாகப் பிடித்து, கொள்ளேகாலுக்குக் கிட்டே அனூர்ப் பக்கத்திலிருந்து மகேஸ்வரியைக் கட்டிவைத்தாள். தொண்ணூற்றாறாம் வருஷம் தை மாசம்.

மகேஸ்வரியின் கைப்பக்குவத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். சின்ன வெங்காயத்தை முறம் நிறைய உரிப்பாள். பாதியை வதக்கி அரைப்பாள், பாதியை முழுசாகக் குழம்பில் போடுவாள். பூண்டு இல்லாத தாளிப்பே அவள் அறியாதது. முதல் நாலு நாள் சித்தையன் தட்டை வழித்து வழித்துச் சாப்பிட்டான். அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள். சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் வயிறு பானை மாதிரி உப்பும். முறுக்கும். அப்புறம் ஓட்டம்தான். கட்டி முடியாத வீட்டில் கக்கூஸ் எங்கிருந்து வரும்? கூரையில் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தவன் ஏணியை அப்படியே விட்டுவிட்டுப் புதரைப் பார்த்து ஓடுவான். மேஸ்திரி சிரிப்பான், கொத்துக்காரர்கள் சிரிப்பார்கள். வீட்டுக்காரர் ஒருவர், "ஏம்ப்பா, உனக்கு ஏதாவது தொத்து வியாதியா?" என்று கேட்டுவிட்டு, வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்.

பயந்துபோய் ஒரு நாள் மத்தியானம் மாமி வீட்டில் போய் உட்கார்ந்தான். சாப்பிட்டான். சாயங்காலம்வரை வயிறு கப்சிப். மறுநாளும் போனான், கப்சிப். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிட்டான், ஓட்டம். சித்தையன் வயர்க்காரன். எங்கே கரண்ட் போகிறது, எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கிறவன். அதே கணக்கைத்தான் இங்கேயும் போட்டான். மாமி கையில் சாப்பிட்டால் ஒன்றுமில்லை. பெண்டாட்டி கையில் சாப்பிட்டால் வலி. பழுது எங்கே இருக்கிறது என்று அவனுக்குப் பட்டுவிட்டது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்கே கூசியது.

அவனுக்கும் சேர்த்துச் சொல்லிவிட அக்கா இருந்தாளே! தம்பியைப் பார்க்க மைசூர் வந்த லிங்கம்மா, அவன் கன்னம் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மகேஸ்வரி தண்ணீர் பிடிக்கப் போன நேரமாகப் பார்த்துத் தம்பியைக் கிட்டே இழுத்தாள்.

"டேய் சித்தா, கல்லைத் தின்னாலும் செரிச்ச வயிறுடா இது. அவ வந்து கால் வெச்சா, இப்படி உருகுது. மருந்து வெச்சிருக்கறாடா."

மருந்து வைப்பது என்றால் தெரியும்தானே? குழம்பிலோ சோற்றிலோ கண்ணுக்குத் தெரியாமல் எதையாவது கலந்து கொடுத்துப் புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்வது. அது வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டு ஆளை அரிக்கும், எடுக்கத் தெரிந்தவரிடம் போய் வாந்தியில் எடுத்தால்தான் உண்டு என்று எங்கள் பக்கத்தில் பேச்சு. பகலில் சிரிப்பவர்கள்கூட வயிறு வலித்தால் நம்புவார்கள்.

"அப்படியெல்லாம் இருக்காதுக்கா," என்றான் சித்தையன்.

"இருக்காதா? அப்ப அதே குழம்பை அவளும்தானே திங்கறா, அவளுக்கு ஏன் ஒண்ணும் ஆகல? சொல்லு பார்ப்போம்!"

அக்கா போய்விட்டாள், சொல் தங்கிவிட்டது. அதற்கப்புறம் மகேஸ்வரி என்ன செய்தாலும் அவன் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரிந்தது. ஏன் அடுப்படிக்குள் யாரையும் விடமாட்டேன் என்கிறாள்? ஏன் எனக்கு மட்டும் முதலில் போடுகிறாள்? சாப்பிடும்போது ஏன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்? புதுப் பெண்டாட்டி புருஷன் முகத்தைப் பார்க்காமல் சுவரையா பார்ப்பாள்! அந்த நினைப்பு மனுஷனுக்கு வரவில்லை. ஒரு தடவை, "நீ ஒரு வாய் சாப்பிடு பார்க்கலாம்," என்று தன் தட்டை அவள் பக்கம் தள்ளினான். அவள் அதை ஆசை என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டே சாப்பிட்டாள். இவன் அவள் விழுங்குகிறாளா என்று தொண்டையைப் பார்த்தான். பாவி மனுஷன்.

கடைசியில் மகேஸ்வரிதான் அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம், மலம், ஸ்கேன் எல்லாம் பார்த்தார் அந்த டாக்டர். புண் இல்லை, கட்டி இல்லை, பூச்சி இல்லை. "குடல்ல நோய் எதுவும் காணோம். அதோட சுபாவம்தான் கொஞ்சம் கோபக்காரச் சுபாவம். இரிட்டபிள் பவல்னு சொல்வோம்," என்றார். பிறகு எங்கே சாப்பிட்டால் நன்றாக இருக்கிறது, எங்கே சாப்பிட்டால் இல்லை என்று துருவித் துருவிக் கேட்டார். மாமி வீட்டுச் சாப்பாட்டைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஐயங்கார் வீட்டுச் சாப்பாடா? வெங்காயம் பூண்டு கிடையாதே! அதுதான் சங்கதி. வெங்காயத்திலும் பூண்டிலும் ஒரு வகை மாவுச்சத்து இருக்கு. சிறுகுடல்ல அது செரிக்காது, பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும், வாயு கிளம்பும். மத்தவங்க குடல் அதைத் தாங்கிக்கும், இவர் குடலும் சின்ன வயசுல தாங்கியிருக்கும், இப்ப தாங்கல. சில வாரம் ரெண்டையும் அடியோட நிறுத்துங்க. துவரம்பருப்பு, தட்டைப்பயறு எல்லாம் அளவா போடுங்க. பெருங்காயம் போடலாம், அதைத்தான் இத்தனை வருஷமா சாப்பிட்டிருக்காரே."

அவளுக்கு ஏன் வலிக்கவில்லை என்ற அக்காவின் கேள்விக்கு, 'மத்தவங்க குடல் தாங்கிக்கும்' என்ற அந்த ஒரு வாக்கியத்திலேயே பதில் இருந்தது. சித்தையன் காதில் அது ஏறவில்லை. வெங்காயமாம்! உலகமே தின்கிற வெங்காயமாம்! சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று வீட்டுக்கு வந்தான்.

அன்றிலிருந்து தட்டில் வெங்காயம் இல்லை. விரலால் துழாவிப் பார்ப்பான், ஒரு தோல்கூட அகப்படாது. பூண்டும் இல்லை. ஆனால் வலி அப்படியே இருந்தது! உப்பல் அப்படியே, ஓட்டம் அப்படியே. ஆக, வெங்காயம் நிரபராதி. அப்படியானால் குற்றவாளி யார்? அவன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், ஊரில் கடைக்காரர் வீட்டுக்குப் போன் போட்டு அக்காவைக் கூப்பிடச் சொன்னான். "அக்கா, நீ சொன்னதுதான் போல," என்றான். அதைச் சொன்னபோது அவன் குரல் உடைந்துபோயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். மகேஸ்வரியை அவனுக்குப் பிடித்திருந்தது. அதுவும் மருந்தின் வேலையோ என்று அதற்கும் பயந்தான்.

கொள்ளேகால் பக்கத்தில் மருந்து எடுக்கிற கெம்பையன் என்பவரிடம் அடுத்த அமாவாசைக்குப் போவது என்று அக்கா முடிவு செய்தாள். எடுத்த கையோடு மகேஸ்வரியை அவள் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு வந்துவிடுவது. சித்தையன் "உம்" என்றான். அந்த "உம்" என்ன செய்யப்போகிறது என்று அவனுக்கு அப்போது தெரியாது.

அமாவாசைக்கு முன்னால் ஒரு நாள், வேலை நடுவில் டிரில்லிங் மிஷின் கெட்டுவிட்டது. சித்தையன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தான். வாசல் பக்கம் வராமல் பக்கவாட்டுச் சந்தில் நுழைந்தான். சந்தேகம் வந்துவிட்டால் சொந்த வீட்டுக்கே திருடன் மாதிரிதான் போகத் தோன்றும். அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது.

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மகேஸ்வரி ஒரு தடவை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் கரண்டியை உள்ளே விட்டு எதையோ தூக்கினாள். ஒரு துணி முடிச்சு. வெள்ளைத் துணி, குழம்பில் ஊறிச் சிவந்துபோய், நூலால் இறுக்கிக் கட்டின முடிச்சு. அதைச் சட்டி விளிம்பில் வைத்துக் கரண்டியால் அழுத்து அழுத்தென்று அழுத்தி, அதிலிருந்து வழிகிற சாற்றைக் குழம்பிலேயே பிழிந்தாள்.

அக்கா சொன்னது சத்தியம்! இத்தனை நாள் தன் வயிற்றுக்குள் போனது இந்த முடிச்சின் சாறு! சித்தையன் சந்திலிருந்து ஓடி வந்து கதவை ஒரே தள்ளாகத் தள்ளினான். அவள் பதறிப்போய் முடிச்சை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மறைத்தாளே! அது போதாதா அவனுக்கு?

"குடு இங்க!"

"ஒண்ணுமில்லீங்க..."

"குடுடீ!"

பிடுங்கினான். கை பொரிந்தது, விடவில்லை. பல்லால் நூலைக் கடித்து அறுத்துத் தரையில் கொட்டினான். முடியா, நகமா, எலும்பா, சாம்பலா என்று எதை எதிர்பார்த்தானோ! தரையில் உருண்டவை வெந்து குழைந்த சின்ன வெங்காயம். நாலைந்து பூண்டுப் பல். அவ்வளவுதான்.

அவன் அவற்றைக் கையால் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். மகேஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. "கோவிச்சுக்காதீங்க. வெங்காயமில்லாம வெறும் புளித்தண்ணி குடிச்ச மாதிரி இருக்குது, உங்களுக்கு எறங்குமான்னு நெனச்சேன். டாக்டரு வெங்காயம் திங்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு? அதான் துணியில கட்டிப் போட்டு, வாசம் எறங்கினதும் எடுத்துட்டேன். ஒரு துண்டுகூட உங்க வாயில படலீங்க, சாமி சத்தியமா."

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது. அவள் அந்த முகத்தையும் பார்த்தாள், அவிழ்ந்து கிடந்த துணியையும் பார்த்தாள். மந்திரம் மாயத்துக்குப் பேர்போன கொள்ளேகால் பக்கத்துப் பெண்தானே அவளும். முடிச்சு என்றால் என்ன, மருந்து என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? அழுகை சட்டென்று நின்றது.

"இதுல என்ன இருக்குதுன்னு நெனச்சீங்க?" என்று கேட்டாள்.

சித்தையன் சிதறிக் கிடந்த பூண்டுப் பற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான். அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை.

மறுநாள் இருவரும் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். "அம்மா, வெல்லத்தைத் துணியில கட்டிப் பாயசத்துல போட்டு எடுத்தா பாயசம் இனிக்காதா? அந்தச் சத்து தண்ணியில கரையறது. முடிச்சு வெளிய வந்துரும், சத்து குழம்புல இறங்கிரும். நீங்க வேற பிழிஞ்சு விட்டிருக்கீங்க!"

மகேஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எண்ணெயில, சார்?" என்றாள்.

"நல்ல கேள்வி. எண்ணெயில அது கரையாது. ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம பூண்டை எண்ணெயில வதக்கி, பல்லையெல்லாம் எடுத்துட்டு, அந்த எண்ணெயில தாளிச்சுப் பாருங்க. ஆனா இப்ப வேண்டாம், முதல்ல வயிறு அடங்கட்டும். அந்த எண்ணெயையும் அன்னன்னைக்குச் செஞ்சுக்கணும், எடுத்து வெச்சுக்கக் கூடாது, கெட்டுரும்."

அமாவாசைக்குச் சித்தையன் கெம்பையனிடம் போகவில்லை. இந்தத் தடவை வெங்காயம் உண்மையாகவே அடுப்படியை விட்டுப் போனது. மகேஸ்வரி ஆண்டாள் மாமி வீட்டுக்கே போய்ப் பின்கட்டில் நின்று, பெருங்காயத்தை எப்போது போடுவது என்று கேட்டுக்கொண்டு வந்தாள். "காஞ்ச எண்ணெயில போடணும்டீ, அது பொரியணும். பச்சையாக் கொட்டினா நாறும்," என்றார் மாமி. சீமைக் கத்தரிக்காய்க் குழம்பு, மிளகு சீரகம் அரைத்துவிட்ட ரசம், இஞ்சி போட்ட பொரியல். மெல்ல மெல்ல வயிறு அடங்கியது. அப்புறம் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். பூண்டு எண்ணெய்: ஒன்றும் செய்யவில்லை. வெங்காயத்தாளில் வெள்ளைக் கிழங்கை நறுக்கி எறிந்துவிட்டுப் பச்சைத் தாளை மட்டும் போட்டாள்: அதுவும் ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்கு ஊர்க் குழம்பு வாசம் வீட்டில் வந்தது. தனக்கு மட்டும் அவள் ஓரமாக வெங்காயச் சட்னி அரைத்துக்கொள்வாள். அவள் குடலுக்கு என்ன கேடு!

ஆனால் அவள் அவனிடம் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் அவள் அம்மாவிடமிருந்து பூத்துக்குப் போன் வந்தது. தங்கை அனுப்ரியாவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்களாம். "மூத்தவ புருஷனுக்கு மருந்து வெச்சவளாமே, அந்த வீட்டுல பொண்ணெடுக்க எங்களுக்குப் பயமா இருக்குது," என்றார்களாம். லிங்கம்மா மனசு பொறுக்காமல் நாலு பேரிடம் சொல்லி அழுதது, கை மாறிக் கை மாறி அனூர்வரை போய்விட்டது. பூத்தில் ரிசீவரை வைத்துவிட்டு வந்த மகேஸ்வரி அழவில்லை. "எம் பேரு போனது போகட்டும். அவ என்னங்க பாவம் பண்ணினா?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு அக்காவிடம் சொன்ன அந்த "உம்" தான் சித்தையன் நெஞ்சை அறுத்தது.

அவன் அக்காவுக்குப் போன் போட்டு வெங்காயத்தை விளக்கினான். "வெங்காயமா? உன்னை இப்படிப் பேச வெக்கறதே அந்த மருந்துதான்டா," என்று அவள் அழுதாள். சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனே நம்பவில்லையே, கையில் எடுத்துப் பார்க்கும்வரை!

மார்டள்ளியில் மாரியம்மன் பண்டிகை வந்தது. சொந்தபந்தமெல்லாம் அக்கா வீட்டில் கூடியிருந்தது, பின்வாங்கின மாப்பிள்ளையின் பெரியப்பா உட்பட. மகேஸ்வரி வரமாட்டேன் என்றாள். "ஒரு தடவை வா," என்று கெஞ்சிக் கூட்டிவந்தான். அவளைப் பார்த்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

பந்தியில் சித்தையன் உட்காராமல் நின்றான். "எல்லாரும் கேட்டுக்கங்க. இத்தனை மாசமா இவ சமைச்சதைத்தான் திங்கறேன். பாருங்க, ஒடம்பு தேறியிருக்குதா இல்லையா? இன்னிக்கு எங்கக்கா கையால சாப்பிடறேன். போடுக்கா, அந்த வெங்காயக் குழம்பை நெறையப் போடு."

மகேஸ்வரி ஓடிவந்து இலையைப் பிடித்தாள். "வேண்டாங்க! என்ன பண்றீங்க?" அவன் அவள் கையை விலக்கிவிட்டான். தம்பி தன் பக்கம் வந்துவிட்டான் என்று லிங்கம்மாவுக்குப் பூரிப்பு. கரண்டி கரண்டியாக ஊற்றினாள். வெங்காயம் உருண்டு உருண்டு விழுந்தது. பூண்டும் கூட. சித்தையன் சுவைத்துச் சாப்பிட்டான். உள்ளபடியே அது ருசியாகத்தான் இருந்தது.

வெயில் சாய்வதற்குள் வயிறு பானையாயிற்று. பாயில் சுருண்டான். எழுந்தான், காட்டுப் பக்கம் ஓடினான், வந்தான், மறுபடி ஓடினான். கூட்டமே நின்று பார்த்தது. லிங்கம்மா மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். "அய்யோ தம்பி, என்னடா ஆச்சு?"

சித்தையன் வேர்த்து வழிய அவளை நிமிர்ந்து பார்த்தான். எல்லார் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்டான். "ஏக்கா, எனக்கு மருந்து வெச்சியா?"

"அடப் பாவி! நான் வெப்பனாடா? எங்கையால வளர்ந்தவன்டா நீ!"

"உங் குழம்பைத் தின்னுட்டுத்தானே இப்படி உருளறேன்? இதே வலிதான்க்கா, அதே வலி. இத்தனை பேரும் அதேதான் தின்னாங்க, அவங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகல? நீதான் சொல்லேன்."

மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெங்காயம்தான் போலிருக்குது," என்றார் யாரையும் பார்க்காமல். லிங்கம்மா மெதுவாக மகேஸ்வரி பக்கம் திரும்பினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள்.

மகேஸ்வரி கையை உருவிக்கொள்ளவில்லை. லிங்கம்மா அழுது முடியும்வரை நின்றிருந்துவிட்டு, அடுப்படிக்குப் போய்ச் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் கொண்டுவந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தலையைத் தூக்கிக் குடிக்கவைத்தாள். தன் காரியம் ஜெயித்துவிட்டது என்று, அந்த வலியிலும் சித்தையன் அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஊரு நம்பறதுக்கு நீங்க இப்படி உருள வேண்டியிருந்துச்சு, சரி. நீங்க நம்பறதுக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதுமே. 'மருந்து வெச்சியா'ன்னு அக்காவைக் கேக்க முடிஞ்சுதே உங்களால. என்னை ஏனுங்க கேக்கல?"

அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.